கீழே இருந்த மடல்

செஞ்சியில், ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை தெரியும் ஒரு தனியார் கல்லூரியில் நான் நிர்வாக அலுவலராக இருந்தேன்.

வேதியியல் துறையில் ஓர் ஆசிரியை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எனக்கு மட்டும் மின்னஞ்சல் எழுதினார். சிகிச்சைக்கு விடுப்பு வேண்டும்; வீட்டில் தானே சொல்லும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்றிருந்தார். அவருடைய சித்தப்பாவும் அதே துறையில் வேலை செய்தார். யாருக்கும் தெரியவராது என்று பதில் எழுதினேன்.

அவருடைய வகுப்புகளுக்கு மாற்று ஏற்பாடு தேவைப்பட்டது. நான் காகிதக் கோப்புகளில் பழகியவன். கோப்பு மேசை மாறும்போது அடியில் இருக்கும் தாள்களைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அதே பழக்கத்தில் அவருடைய மடலுக்கே பதிலாக எழுதி, துறை முழுவதையும் எங்கள் குமாஸ்தாவையும் நகல் பெறுவோராகச் சிசியில் சேர்த்தேன். மேலே ஒரு வரி: 'கீழே காண்க. ஆவன செய்யவும்.'

எதிரே வேதியியல் துறை அறையில் போன்கள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன. பிறகு பேச்சு நின்றுபோனது. வெளியே நல்ல வெயில்.

குமாஸ்தா கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னா சார், ஆளாளுக்கு ரிப்ளை ஆல் போட்டுனு இருக்காங்க. 'சீக்கிரம் குணமாகணும்'னு. கீழ நெறைய இருக்குது. அதையும் படிக்கணுமா?"

கீழே இருந்தது அவர் எனக்கு மட்டும் எழுதிய மடல் என்பது அப்போதுதான் உறைத்தது. அனுப்பியதைத் திரும்ப எடுக்கச் சில நொடிகள்தான் உண்டு. அவை எப்போதோ போய்விட்டிருந்தன. ஆறுதல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் எல்லோருக்கும் போனது, அவருக்கும் போனது.

அந்த ஆசிரியை பாடத்தைப் பாதியில் விட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"உங்களுக்கு மட்டும்தான சார் எழுதினேன்?"

"தெரியாம நடந்துடுச்சும்மா."

"சித்தப்பா வண்டி எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. நான் பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள அம்மாவுக்குச் சொல்லிடுவாரு."

குரலில் கோபமே இல்லை. அதற்குப் பிறகு அவர் கல்லூரிக்கு வரவில்லை. கல்யாணம் நின்றது என்றார்கள். குடும்பம் ஊரைவிட்டுப் போனது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

புதிதாக ஒரு மடல் தொடங்கியிருக்க வேண்டும். அவருடைய கடிதத்தின் ஒரு சொல்கூட அதில் இருந்திருக்கக் கூடாது. 'ஓர் ஆசிரியை விடுப்பில் செல்வதால் வகுப்புகளைப் பிரித்துக்கொள்ள உங்களை இதில் சேர்க்கிறேன். பதிலை எனக்கு மட்டும் அனுப்புங்கள்.' அவ்வளவுதான். எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

ஓய்வு பெற்ற பிறகு, அவருடைய பழைய கல்லூரி மின்னஞ்சல் முகவரிக்கே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சிசியில் யாரும் இல்லை. அனுப்பிய உடனே பதில் வந்தது. திறந்தேன்.

'விடுப்பில் இருக்கிறேன். திரும்பியதும் பதில் எழுதுகிறேன்.'

போகும்போது அவர் அமைத்துவைத்த தானியங்கிப் பதில். அந்த முகவரியை யாரும் நீக்கவில்லை. அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும், திரும்பி வருவதாகவே சொல்கிறார்.