பாதியா பிதாவா

எங்கள் ஆபீஸ் மனமகிழ் மன்றத்துக்கு ஒரு வாசிப்பறை உண்டு. நீள மேஜை, பத்து நாற்காலிகள், அன்றைய பேப்பர்கள், அத்தனை வாரப் பத்திரிகைகள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் அங்கே காலை நீட்டிக்கொண்டு படிப்பார்கள். பெண்கள் மூன்று பேர்தான் அந்த ஆபீஸில். நாங்கள் பழைய பைல்கள் அடுக்கிய அறையில், தூசிக்கு நடுவே டப்பாவைத் திறந்து சாப்பிடுவோம். மன்றத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் மட்டும் சிரிப்பார்கள்.

எனக்கு அந்த மேஜை வேண்டும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் பேப்பர் அப்பா கைக்குப் போய், அண்ணன்கள் கைக்குப் போய், என்னிடம் வரும்போது பொட்டலம் மடிக்கத்தான் லாயக்காக இருக்கும். வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பேப்பர் எதற்கு என்று அப்பா கேட்பார். வேலைக்குப் போவதால்தான் வேண்டும் என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. சர்க்கார் கடிதமெல்லாம் தமிழில் போக வேண்டும் என்று உத்தரவு வந்து, தமிழ் டைப்பிஸ்டாக என்னை எடுத்திருந்தார்கள். மன்றத்து ஆண்டு விழாவில் வழக்கமாக இங்கிலீஷ் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வார்த்தை கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அந்த வருஷம் அதையும் தமிழில் நடத்துவதாக மன்றச் செயலாளர் அறிவித்தார். நான் நேரே அவரிடம் போய், நானும் கலந்துகொள்ளலாமா, ஜெயித்தால் எங்கள் மூவரையும் மன்றத்தில் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஜெயித்தால் பார்க்கலாம் என்று நாலு பேர் காதில் விழச் சொன்னார். எனக்கு அது போதும்.

போட்டிக்கு முந்தின வாரம் அவர் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்று நான் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கென்று விழா அன்று புரிந்தது. பலகையில் குத்தியிருந்த சீட்டுகளில் எழுத்துகளே இல்லை, உடைந்த துண்டுகள்தான் இருந்தன. ஒரு சீட்டில் கொம்பு மட்டும். இன்னொன்றில் கால் மட்டும். புள்ளிக்குத் தனிச் சீட்டு. இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கிறதே, அதே மாதிரி இதையும் பிரித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். ஆனால் கு, து, மு எல்லாவற்றையும் முழுதாகவே விட்டிருந்தார். அவற்றை எங்கே வெட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். கால் யாருக்கு, கொம்பு யாருக்கு என்று ஒட்டிப் பார்ப்பதிலேயே நேரம் போயிற்று. அப்படியும் கடைசிக் கேள்விக்கு வரும்போது நானும் ஹெட் கிளார்க்கும் சமமாக நின்றோம். அவர் நல்ல படிப்பாளி, அதிகம் பேசாதவர்.

கடைசிக் கேள்விக்கு நாலு சீட்டு. ஒரு ப, ஒரு த, ஒரு கால், இகரத்துக்கு மேலே போடுகிற வளைவு ஒன்று. நான் 'பாதி' என்று எழுதி முதலில் நீட்டினேன். ஹெட் கிளார்க் அப்புறம்தான் கொடுத்தார். அவர் எழுதியது 'பிதா'. செயலாளர் தன் தாளைப் பார்த்து, பிதாதான் சரி, ஹெட் கிளார்க் ஜெயித்தார் என்றார். கை தட்டினார்கள். என்னோடு சாப்பிடுகிற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து பலகைக்குப் போய் அந்த நாலு சீட்டையும் நகர்த்தி இரண்டு வார்த்தைகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன். காலைப் பகரத்துக்குக் கொடுத்தால் பாதி, தகரத்துக்குக் கொடுத்தால் பிதா. இரண்டுக்கும் இதே சீட்டுகள். அப்படியானால் என் விடை எப்படித் தப்பு என்று கேட்டேன். 'பி', 'தா' என்று முழு எழுத்தாக வைத்திருந்தால் என் வாயில் பாதி வந்தே இருக்காது என்றும் சொன்னேன்.

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, உங்க மெஷின்லயே 'கொ'வுக்கு மூணு தட்டுதானே தட்டறீங்க?"

"தட்டறது மூணு சார். படிக்கறது ஒண்ணுதான்."

முன்வரிசையில் இருந்த பெரிய ஆபீசர் சிரித்துவிட்டார். முழு எழுத்தாக வைத்தால் சின்னப் பிள்ளைகள் விளையாட்டாகிவிடுமே என்று செயலாளர் இழுத்தார். அது விளையாட்டு இல்லை, அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். புள்ளி வைத்த எழுத்து வார்த்தைக்குத் தலையில் வராது. ட, ள, ழ, ண வரிசைகளும் தமிழ் வார்த்தைக்கு முதலில் நிற்பதில்லை. இவற்றைத் தள்ளினால் தலை எதுவென்று பாதி தெரிந்துவிடும். ள் இருந்து அதே வரிசையில் ளி இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ம் பெரும்பாலும் வால். சபை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் சொல்லாமல் என்னால் உட்கார முடியவில்லை.

ஆபீசர் தாமே ஐந்து சீட்டில் முழு எழுத்தாக எழுதி, மாற்றிக் குத்தினார். இதில் முதலில் சொல்பவரே ஜெயித்தவர் என்றார்.

ட, ள், கொ, ம், ளி.

தலைக்குக் கொ தவிர வேறு ஆள் இல்லை. ள், ளி ஜோடி. ம் வால். மீதி இருப்பது ட ஒன்றுதான். இதெல்லாம் எனக்குத் தெரிகிறது, ஆனால் கோபத்தில் கண் சீட்டில் நிற்கவில்லை. அந்த டகரத்தைக் கொவுக்குப் பின்னால் செருகி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"கொள்ளிடம்," என்றார் ஹெட் கிளார்க்.

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நடந்தால் வருகிற ஆறு. நான் கற்றுக்கொடுத்த வழியில், என் ஊர் ஆற்றை வைத்தே என்னை ஜெயித்துவிட்டார். அவர் எழுந்து, வழி இவங்க சொன்னதுதான் என்று சபையில் சொன்னார். அது அவர் பெருந்தன்மை. எனக்கு அப்போது பெருந்தன்மை தேவைப்படவில்லை, மேஜைதான் தேவைப்பட்டது. பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பாலம் தாண்டின பிறகு அழுகை நின்று, எரிச்சல் வந்தது. போட்டியில் ஜெயித்தால்தான் உள்ளே விடுவேன் என்றபோது நான் ஏன் தலையாட்டினேன்? அதுவும் நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்ட நிபந்தனை.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே வாசிப்பறைக்குப் போனேன். மற்ற இருவரையும் கூப்பிட்டேன். ஒருத்தி வந்தாள், இன்னொருத்தி வாசல் வரை வந்து நின்றாள். ஜன்னல் ஓரத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பேப்பரை விரித்தேன்.

செயலாளர் வந்தார். ஜெயித்தால் என்பதுதானே பேச்சு, தோற்றுவிட்டு இப்படி உட்கார்ந்தால் எப்படி என்று மெதுவாகத்தான் கேட்டார்.

நான் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "இங்க உட்கார்ந்திருக்கறவங்கள்ல யாரு சார் போட்டியில ஜெயிச்சிட்டு உள்ள வந்தாங்க?"

ஹெட் கிளார்க் தன் பக்கத்து நாற்காலியில் கிடந்த பத்திரிகைகளை எடுத்து மேஜையில் வைத்தார். வாசலில் நின்றவள் வந்து அதில் உட்கார்ந்தாள்.