பின்னணி எழுதிய கல்யாணசுந்தரி

கோவில்பட்டியில் எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு நிதி கேட்டுப் போகிற விண்ணப்பங்களை எழுதுகிறவள் கல்யாணசுந்தரி. நான் அங்கே ஜீப் ஓட்டுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அவள் படுகிற பாடு எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

வைகாசியில் ஒரு விண்ணப்பம். விதைப்புக்கு எடுத்து, விளைந்ததும் திருப்பிப் போடுகிற விதை வங்கிகள் ஊர் ஊராக உண்டு; அவற்றுக்கு விதை வாங்க நிதி. இயக்குநர் ராமசுப்பு சார் திட்டத்தைப் பற்றிய ஸ்லைடுகளைக் கொடுத்து, "பின்னணிப் பகுதிக்கு வேண்டியதெல்லாம் இதுல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணசுந்தரி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, ஓடலியா?"

"ஓடுது அண்ணாச்சி, எனக்குத்தான் ஓடல. இது விருந்தாளிக்குப் போட்டுக் காட்டுறதுக்குச் செஞ்சது. 'இருபத்திரண்டு ஊர்களில் விதை வங்கி, இனி விதைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை'ன்னு போட்டிருக்கு. பின்னணியில சனங்களுக்கு என்ன குறை, ஏன் வந்துச்சு, இதுவரைக்கும் செஞ்சது ஏன் பத்தலன்னு ஆதாரத்தோட எழுதணும். குறையே இல்லன்னா எதுக்கு நிதி?"

எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போனோம். அந்த ஊர் மகளிர் சங்கத் தலைவி பெத்தம்மாள் விதை வங்கி அறையைத் திறந்து காட்டினாள். வெறும் பானைகள்.

"போன வருசம் மொத மழைய நம்பி வெதச்சோம், காஞ்சிட்டு. ரெண்டாவது வெதைப்புக்கும் இங்கன இருந்துதான் உளுந்து எடுத்தோம். அதுவும் போச்சு. வெளஞ்சாத்தான ஆத்தா ஒண்ணுக்கு ஒன்றரையாத் திருப்பிப் போட முடியும்?"

கல்யாணசுந்தரி மற்ற ஊர்க் களப்பணியாளர்களிடம் போனில் விசாரித்தாள். ஒன்பது ஊரில் இதே கதை. வங்கிப் பதிவு, மழை அளவு எல்லாவற்றையும் சேர்த்து எழுதி முடித்தாள். படித்துக் காட்டினாள். எனக்கே விளங்கிற்று.

சாருக்குத்தான் விளங்கவில்லை. "ஒம்பது வங்கி பூட்டிக் கெடக்குன்னு நாமளே எழுதிக் குடுக்கவா? நம்ம பேரு என்னத்துக்கு ஆகும்?"

"நம்ம தப்புன்னு எழுதல சார். மழை பொய்ச்சதுன்னு எழுதியிருக்கேன். அதுக்குத்தானே விதை கேக்குதோம்?"

"ஒனக்கு வெவரம் பத்தாது."

அந்தப் பத்தியை எடுத்துவிட்டு ஸ்லைடில் இருந்த வரிகளையே சேர்த்து அன்று சாயங்காலம் அனுப்பிவிட்டார். அவள் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு எட்டயபுரம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆடியில் பதில் வந்தது. பின்னணியைப் படித்தால் இந்தப் பகுதியில் விதைத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை, நிதி தருவதற்கில்லை என்று. சார் அவளைக் கூப்பிட்டு, "எழுத்துல ஒரு அழுத்தம் இல்ல, அதான்" என்றார். பக்கத்து அறையிலிருந்த எனக்கும் கேட்டது.

"அது ஸ்லைடுல உள்ள எழுத்து சார்" என்றாள் அவள். அந்த ஒரு வரியோடு தன் மேசைக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கும் சம்பளம் வேண்டுமே.

புரட்டாசியில் ஜீப்பில் போகும்போது பெத்தம்மாளைப் பார்த்தோம். விதைப்புக்குக் கடையில் உளுந்து வாங்கிக்கொண்டு தலைச்சுமையாக நடந்து வந்தாள். வண்டியை நிறுத்தினேன்.

"நம்ம விதை என்னாச்சு தாயி?" என்று கல்யாணசுந்தரியைத்தான் கேட்டாள்.

இவள் கீழே இறங்கி, மூட்டையை வாங்கி வண்டிக்குள் வைத்தாள். "கிடைக்கலக்கா" என்றாள்.