எட்டு நாளும் ஏழு அறையும்

என் அக்காவின் நெஞ்சுக்குள் ஓர் இரும்பு வால்வு இருக்கிறது. அதில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ராத்திரியும் அவள் மாத்திரை சாப்பிட வேண்டும். ஒரு நீலம், ஒரு பழுப்பு. ஒரு ராத்திரிகூட விடக் கூடாது. இதை டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். அவளைவிடப் பெரிதாகத் தலையாட்டினேன்.

அக்கா தீவில், ஜார்ஜ் டவுனில், அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். மாமா செத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. புடவைக்கு ஃபால் தைத்துக் கொடுப்பதுதான் வேலை. நான் கடல் பாலத்துக்கு அக்கரையில், பத்து காவான் என்கிற ஊரில், தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. அது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு தடவை பழுப்புக்குப் பதிலாகவும் வீரியம் கூடின நீலத்தையே எடுத்து, நீலம் இரண்டைச் சாப்பிட்டுவிட்டாள். ஊசி கோக்கும் கண், வெளிச்சம் மங்கினால் நிறத்தைத் தவறவிடும். மறுநாள் பல் விளக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. நான் போய்க் கத்தினேன். மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையில் அள்ளிக்கொண்டேன்.

"இனிமே இது என்கிட்டதான் இருக்கும். நான் வந்து பெட்டியில அடுக்கித் தருவேன். நீ பெட்டியத் திறக்கணும், சாப்பிடணும். அவ்வளவுதான்."

"ஏன்டி, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைக்குக்கூட நிறம் தெரியும்."

"சரி லா, மிஸ்ஸி," என்றாள். ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி. "எப்ப வருவ?"

"எட்டு நாளைக்கு ஒரு தடவை."

"அது போதும்."

அந்த நேரத்தில் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினோம் என்று நினைத்தேன். பேசவில்லை.

எங்கள் வீட்டில் எட்டு நாள் என்றால் வாரம். பதினைந்து நாள் என்றால் இரண்டு வாரம். அம்மா அப்படித்தான் சொன்னாள், அக்காவும் அப்படித்தான் சொல்கிறாள், நானும் அப்படித்தான். சனிக்கிழமை வந்தால் அந்தச் சனி ஒன்று, ஞாயிறு இரண்டு, அப்படியே போனால் அடுத்த சனி எட்டு. வந்த நாளும் கணக்கில் உண்டு, மறுபடி வருகிற நாளும் உண்டு. அதனால்தான் எட்டும் எட்டும் சேர்ந்தால் பதினாறு ஆகாது, பதினைந்துதான் ஆகும். நடுவில் இருக்கிற சனிக்கிழமை முதல் எட்டுக்குக் கடைசி நாள், இரண்டாவது எட்டுக்கு முதல் நாள். ஒரே நாள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும்.

இது எனக்குத் தெரியாதது இல்லை. மாமா ஒரு புதன்கிழமை இறந்தார். பதினாறாம் நாள் காரியம் வியாழக்கிழமை வந்தது. இறந்த நாளையும் சேர்த்து எண்ணுவது. லீவு கேட்டு ஆபீஸில் சண்டை போட்டவளே நான்தான். அன்றைக்கு ஒழுங்காக எண்ணினேன்.

ஆனால் தொழிற்சாலையில் எனக்கு வாரமே கிடையாது. நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சனி, ஞாயிறு எல்லாம் அங்கே செல்லாது. அந்தச் சுற்று எட்டு நாள். எட்டு முழு நாள், சேர்த்து எண்ணுகிற எட்டு இல்லை. ஓய்வின் முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போவேன். அப்படியென்றால் இந்தச் சுற்றில் சனிக்கிழமை, அடுத்த சுற்றில் ஞாயிறு, அதற்கடுத்து திங்கள். வாயால் சொன்னது அம்மாவின் எட்டு. போனது கம்பெனியின் எட்டு.

பெட்டியில் ஏழு அறை. கடையில் விற்கிற பெட்டி அப்படித்தான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஏழையும் நிரப்பினால் சனி ராத்திரி தொடங்கி வெள்ளி ராத்திரியோடு தீரும். அடுத்த சனிக்கிழமை நான் வந்தாக வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன். சனி ராத்திரிக்கு அவளிடம் மாத்திரை இல்லை. அட்டைகள் என் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தன.

எட்டு நாளும் ஏழு அறையும் எப்படி ஒட்டும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. எட்டு நாள் என்றால் வாரம், வாரத்துக்கு ஏழு நாள். நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மூளைக்கு வேலையே வைக்கவில்லை. போகும்போதெல்லாம் பெட்டி சுத்தமாகக் காலியாக இருக்கும். "பார்த்தியா, ஒண்ணுகூட மிச்சமில்ல. நான் பொறுப்பு எடுத்தாத்தான் ஒழுங்கா நடக்குது," என்று பெருமை வேறு பேசினேன்.

அவள் ஒரு தடவை கேட்டாள். அதுதான் எனக்குத் தூக்கம் கெடுப்பது. நான் வேலையில் இருந்தேன், சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. ஃபோன் அடித்தது.

"ஏய், எங்க இருக்க? இன்னிக்கு எட்டாச்சே."

"எவ சொன்னா? ஏழுதான் ஆச்சு."

"போன சனிக்கிழமை வந்த. இன்னிக்குச் சனி."

"அதான் ஏழு. எண்ணிப் பாரு. நாளைக்குத்தான் எட்டு. கணக்குகூட மறந்துபோச்சா உனக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

"சரி லா, கணக்குப் புலி," என்றாள் அக்கா. அவளும் சிரித்தாள். "அப்ப இன்னிக்கு ராத்திரிக்கு..."

மணி அடித்தது. ஃபோனை வைத்துவிட்டேன். ராத்திரிக்கு என்ன என்று திரும்பக் கேட்கவில்லை. மறுநாள் போனபோது ஞாபகமே இல்லை. அவளும் அப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை.

கிளினிக்கில் ரத்தம் சோதித்தார்கள். போதுமான அளவு நீர்த்திருக்கவில்லை, சீக்கிரம் உறைகிறது என்றார் நர்ஸ். "மாத்திரை ஏதும் விட்டுட்டீங்களாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "சான்ஸே இல்ல. நான்தான் அடுக்குறேன்." இன்னும் இரண்டு வாரத்தில் வந்து பார்க்கச் சொன்னார்கள். அக்கா அதைப் பதினைந்து நாள் என்று சொல்லிக்கொண்டாள்.

காடியை ஓட்டிக்கொண்டு வரும்போதும் விடவில்லை நான். "உண்மையச் சொல்லு. ஒளிச்சு வச்சுக் குப்பையில போடுறியா?"

"பெட்டியில இருந்ததெல்லாம் சாப்பிட்டேன்டி."

"அப்ப ரத்தம் பொய் சொல்லுதா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாசாரில் இறங்கி மீன் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அவள் மறுபடி கேட்கவும் இல்லை, நானும் நிறுத்தவில்லை.

அந்தப் பதினைந்து நாள் முடியும் முன்பே நடந்துவிட்டது. என் ஓய்வின் முதல் நாள், மத்தியானம் போனேன். கதவைத் திறக்க ரொம்ப நேரம் எடுத்தாள். இடது கையால் திறந்தாள். தையல் மிஷினுக்குக் கீழே புடவை தரையில் கிடந்தது. யாருடைய பட்டோ, அப்படிப் போட மாட்டாள்.

"என்ன இது, கோச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா?"

"வந்துட்டியா," என்றாள். வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. வாயின் ஒரு பக்கம்தான் அசைந்தது.

எப்படி ஆஸ்பத்திரிக்குக் காடி ஓட்டினேன் என்று தெரியவில்லை.

மூளைக்குப் போகிற குழாயில் ரத்தம் உறைந்த கட்டி. சின்னதுதான் என்றார்கள். பேச்சு நாலைந்து நாளில் திரும்பிவிட்டது. வலது கை திரும்பவில்லை. தூக்க முடிகிறது. விரல்களைச் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. ஊசி அவள் பிடிக்கப் பிடிக்க விழுந்தது. மூன்றாவது தடவை நான் எடுத்துக் கொடுக்கப் போனபோது, "விடு," என்றாள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மருந்து விளக்குகிற பெண் வந்தாள். நம்ம தமிழ் முஸ்லிம் பிள்ளை, தலையில் நீலத் துணி, பொறுமையான குரல். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு அடுக்குறது?"

"நான்தான்."

"எப்பெப்ப?"

"எட்டு நாளைக்கு ஒரு தடவை."

"வாரா வாரம். நல்லது அக்கா. எந்தக் கிழமை?"

வாயைத் திறந்தேன். வெள்ளி என்று சொல்லப் போனேன், அதற்கு முந்தின தடவை வந்தது வியாழன். அதற்கு முன்னால் புதன். அந்தப் பெண் காத்திருந்தாள். வாரா வாரம் வருகிறவளுக்கு ஒரு கிழமை இருக்கும். எனக்கு இல்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். முகம் மாறவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அது எனக்குச் சுலபம்.

டாக்டர் அதனால்தான் வந்தது என்று சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. முதல் தடவை ரத்தம் பார்த்தபோதே மாத்திரை விடுபடுவது தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். நர்ஸ் அக்காவைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

அக்கா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"என்ன?"

"ஒரு ராத்திரி குறையுதுன்னு."

"தெரியும்."

"ஏன் வாயத் திறக்கல?"

"திறந்தேனே. கணக்கு மறந்துபோச்சான்னு கேட்ட." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நீ நாலு நாள் நின்னு வேலை பாத்துட்டு வர்றவ. ஒரு நாள் விட்டா என்ன ஆகிடப் போகுதுன்னு இருந்துட்டேன். தப்பு என் மேலயும்தான்."

அது இல்லை. நாலு நாள் நின்று வேலை பார்த்தேன், நாலு நாள் சும்மாவும் இருந்தேன். அந்த நாலில் ஒரு நாள்தான் அவளுக்கு. மற்ற மூன்றில் தூங்கினேன், கடை சுற்றினேன். பாலம் தாண்டினால் அவள் வீடு. வரவே முடியாத தூரத்தில் நான் இல்லை. தப்பில் பாதியை அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை.

மாத்திரை அட்டைகளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒருநாள் கொண்டுபோனேன். பெரிய மனசு காட்டுகிறேன் என்று நினைப்பு. மேசையில் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து, இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அட்டை சுழன்று விழுந்தது. மறுபடி அழுத்தினாள். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நீயே அடுக்கு, மிஸ்ஸி."

இப்போது சனிக்கிழமைதான். ஷிப்ட் எதுவாக இருந்தாலும் சனிக்கிழமை. ராத்திரி வேலை முடித்து நேராகப் பாலம் ஏறி வந்திருக்கிறேன். பகல் வேலை என்றால் முடித்துவிட்டு இருட்டில் வந்திருக்கிறேன். அலுவலகத்தில் இரண்டு தடவை மாற்று ஷிப்ட் கேட்டுச் சத்தம் போட்டேன். அந்தச் சத்தத்தை முதலிலேயே போட்டிருக்கலாம்.

தையல் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். கொடுத்துவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். இருக்கட்டும் என்றாள் அக்கா. நான் பக்கத்தில் உட்கார்ந்து நீலம், பழுப்பு, நீலம், பழுப்பு என்று போடுகிறேன். ஏழாவது அறையை மூடியதும் அவள் பெட்டியை இடது கையால் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஃபோன் வரும்.

"நாளைக்கு எட்டு. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணினேன்."

"சரி," என்பாள். இப்போதெல்லாம் நான் முதலில் ஃபோனை வைப்பதில்லை. அவள் வேறு ஏதாவது கேட்க வருகிறாளா என்று காத்திருப்பேன். அவள் கேட்பதில்லை.