மேனுகாவின் தொண்டைச் சத்தம்

இறுப்பிட்டியில் சுதாகரனின் வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. மகள் மேனுகா கண்டிக்குப் படிக்கப் போய்விட்டாள். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு இயந்திரங்களைத் திருத்திவிட்டுப் பின்னேரம் வீடு திரும்பும்போது, குசினியிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ முன்பு கேட்ட அந்த "க்ம், க்ம்" சத்தத்தை அவர் நினைத்துக்கொள்வார். அதை நிறுத்துவதற்கு ஒரு காலத்தில் அவர் படாத பாடு பட்டிருக்கிறார்.

முதலில் கண்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது மேனுகா கண்ணை இறுக்கி இறுக்கி வெட்டிச் சிமிட்டினாள். சொட்டு மருந்து விட்டார்கள். சில கிழமைகளில் நின்றது. நல்ல மருந்து என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அடுத்த வருடம் தோள் துள்ளியது. நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்தார்கள்; அதுவும் அடங்கியது. மனைவி சயந்தினி பொங்கல் பொங்கிப் படைத்துவிட்டு வந்தாள். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிய வருடம் தொண்டைச் சத்தம் தொடங்கியது.

"சாப்பிட்டு முடியுமட்டும் சத்தம் வரக்கூடாது," என்றார் சுதாகரன் ஒரு நாள்.

மேனுகா முகம் சிவக்க அடக்கிக்கொண்டு சாப்பிட்டாள். கை கழுவப் போனவள் கிணற்றடியில் நின்று விடாமல் சத்தம் போட்டாள். அவருக்குக் கோபம் வந்தது.

"அடக்க ஏலுமெண்டால் பிறகேன் செய்யிறாய்? வேணுமெண்டுதானே செய்யிறாய்?"

பிள்ளை அழுதாள்.

வகுப்பாசிரியை அஜந்தாதான் சயந்தினியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இது குழப்படி இல்லையக்கா. பாட்டுப் பாடேக்கை ஒரு சத்தமும் வாறேல்லை, சோதனை எண்டால் கூடுது. யாழ்ப்பாணத்திலை பிள்ளையளின்ரை கிளினிக்கிலை ஒருக்காக் காட்டுங்கோ."

அங்கே டொக்டர் நிலக்சனாவின் முன்னால் மேனுகா சிலைபோல இருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. சுதாகரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வீட்டிலைதான் செய்யிறவ," என்றார்.

"பறவாயில்லை, புது இடத்திலை கனபேர் அடக்கிக்கொண்டுதான் இருப்பினம்," என்றார் டொக்டர். சயந்தினி கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த வீடியோவைப் பார்த்தார். பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"மூளையின்ரை மேற்பகுதியிலையிருந்து 'அசை' எண்ட செய்தி ஆழத்திலை இருக்கிற சில நரம்பு முடிச்சுகளுக்குப் போய்த் திரும்பி வாறது. எந்த அசைவை விடுறது, எதை மறிக்கிறது எண்டு அந்த முடிச்சுகள்தான் பாக்குது. சில பிள்ளையளுக்கு அந்த மறிப்பு இடைக்கிடை நழுவும். நாங்கள் நினைக்காத அசைவோ சத்தமோ வெளியிலை வந்திடும். தும்மலைப் போலை கொஞ்ச நேரம் அடக்கலாம், எப்பவும் ஏலாது."

"அப்ப மருந்துக்கும் நேர்த்திக்கும் ஏன் நிண்டது?" என்று கேட்டார் சுதாகரன்.

"ஏறி இறங்கிறதுதான் இதின்ரை இயல்பு. ஏன் எண்டு முழுசா எங்களுக்கும் தெரியாது. களைப்பு, பயம், பெரிய சந்தோசம் கூட்டிவிடும், ஒண்டுமில்லாமலும் கூடும். கூடி நிக்கேக்கைதான் நீங்கள் மருந்து தேடுவியள். பிறகு தன்பாட்டிலை குறையேக்கை மருந்துக்குப் பேர் வந்திடும்." அவர் எழுதுவதை நிறுத்தினார். "குடும்பத்திலை வேறை ஆருக்கும் இருந்ததோ?"

"இல்லை," என்றார் சுதாகரன்.

"இருந்தது," என்றாள் சயந்தினி. அவள் அவரின் சொந்த மச்சாள். சின்ன வயதிலிருந்தே கூட விளையாடியவள். "இவர் சின்னனிலை கழுத்தை ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டே திரிவார். நயினாதீவுத் திருவிழாச் சனத்துக்குள்ளை நான் இவரைக் கண்டுபிடிக்கிறதே அதாலைதான்."

சுதாகரனின் மனதில் கொடியேற்ற நாளின் வெயிலும், வள்ளத்தின் உப்புக்காற்றும், கழுத்தின் ஓரத்தில் எழும் அந்தக் குறுகுறுப்பும் ஒன்றாக வந்து நின்றன. வெட்டினால்தான் அது அடங்கும். அடங்கி, திரும்ப எழும். எப்போது விட்டுப்போனது என்றே அவருக்கு நினைவில்லை.

வெளிவிறாந்தைக்கு வந்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மேனுகாவிடமிருந்து ஒன்றாகக் கிளம்பியது. அவள் பயந்து தகப்பனைப் பார்த்தாள்.

"சத்தம் வர முதல் தொண்டையிலை என்னம்மா செய்யும்?"

"ஏதோ ஊருற மாதிரி."

"எனக்குக் கழுத்திலை," என்றார் சுதாகரன். "பொல்லாத குறுகுறுப்பு."

மேனுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தச் சத்தத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரும் உணர்வு வரும்போது மூக்கால் மெல்ல மூச்சு விடும் பயிற்சியைக் கிளினிக்கில் பழக்கினார்கள். அஜந்தா ரீச்சர் பரீட்சைக்கு அவளைத் தனியறையில் இருத்த ஒழுங்கு செய்தார். அடுத்த வருடம் சத்தம் இன்னும் கூடியது, பிறகு குறைந்தது, தலையாட்டலாக வந்தது, மறைந்தது. பதினாறு, பதினேழு வயதில் எப்போதாவதுதான். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

போன மாதம் கண்டியிலிருந்து மேனுகா தொலைபேசியில் கதைத்தாள். "சோதனை வருதப்பா. கண் திரும்ப வெட்டத் தொடங்கியிட்டுது."

"கரைச்சலோ? கஷ்டப்படுத்துதோ?"

"இல்லை. அறையிலை இருக்கிற பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். தன்பாட்டிலை குறையும்."

"ஓம்," என்றார் சுதாகரன். பிறகு இருவரும் கண்டிக் குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.