இருபது மாசக் கணக்கு

ராயபுரம் அருள்பிரகாசம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஐம்பத்துமூன்று வயதுவரை எந்தத் தவணையையும் ஒரு நாள் தள்ளிக் கட்டியவரில்லை. அந்தக் கர்வம் அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். தொழிலாளர் சொசைட்டியில் வாங்கும் கடனெல்லாம் மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துத் தானாக முடிந்துவிடும். எல்லாக் கடனும் அப்படித்தான் என்று நினைத்ததில்தான் மனுஷன் கவிழ்ந்தார்.

2003இல் மகள் சில்வியாவின் நர்சிங் படிப்புக்கு நாற்பதாயிரத்தைக் கிரெடிட் கார்டில் தேய்த்தார். பில்லில் குறைந்தபட்சத் தொகை இரண்டாயிரம் என்றிருந்தது. நூற்றுக்கு ஐந்து, அப்படியானால் இருபது மாசத்தில் தீரும். தீர்ந்ததும், அதே படிப்புக்காக அடகு வைத்த வளையலை மீட்டுத் தருவதாக மனைவி ஃப்ளோரன்ஸிடம் வாக்குக் கொடுத்தார். அதன்பின் கார்டைத் தொடவேயில்லை. கேட்ட தொகையைக் கட்டினார். அது மாசத்துக்கு மாசம் கொஞ்சம் இறங்கியதில் சந்தோஷம் வேறு.

இருபதாவது மாசப் பணம் கட்டிய அன்று வீட்டில் வஞ்சிரம் குழம்பு. அடுத்த பில் வந்தது. பாக்கி இருபத்தேழாயிரம்!

சொசைட்டி கிளார்க் சுப்புராயனிடம் ஓடினார்.

"இன்னாபா அநியாயம் இது? முப்பத்திமூணாயிரம் கட்டிகீறேன்!"

"அதுல பாதிக்கு மேல வட்டிக்கே பூட்ச்சு நைனா," என்றார் சுப்புராயன். "மாசத்துக்கு நூத்துக்கு மூணு வட்டி, அதுமேல வரி. நீ அஞ்சு கட்டுனா கடன்ல ரெண்டுகூட கொறையாது. அந்த அஞ்சும் மொத நாப்பதாயிரத்துல இல்ல, மீதி நிக்கிறதுல அஞ்சு. மீதி எறங்க எறங்க நீ கட்றதும் எறங்குது. அப்புறம் எங்கேந்து முடியும்?"

"எப்பதான் முடியும்?"

சுப்புராயன் கால்குலேட்டரைத் தட்டினார். "இப்டியே போனா இன்னும் பத்து, பதினோரு வருசம்."

ரிட்டயராக ஏழு வருஷம்தான் இருந்தது. அருள்பிரகாசம் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேஜாராவாதே. சொசைட்டில லோன் போட்டு அதை மொத்தமா அடைச்சிடு. இங்க வட்டி வருசத்துக்கே பதிமூணுதான். இந்த மாசம் கார்டுக்காரன் கேக்கறான் பார், ஆயிரத்து முன்னூத்தம்பது, அதையே கொறைக்காம கட்டிகினு வா. ரெண்டு வருசத்துல முடிஞ்சிடும்."

லோனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும். ஊருக்கெல்லாம் ஜாமீன் போட்டவர், கூட வேலை செய்யும் சௌக்கத் அலியிடம் போய்த் தலையைச் சொறிந்து நின்றார். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுக் கொடுத்தார். அதைவிடக் கஷ்டம் ஃப்ளோரன்ஸிடம் சொல்வது. வளையல் இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போகும் என்று சொல்லி முடித்தார். அவள் தன் வெறுங்கையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்! பேங்க்கிலிருந்து ஒரு பெண். "சார், நீங்க எங்களோட ரொம்ப நல்ல கஸ்டமர். உங்க கார்டு லிமிட்டை எழுபத்தஞ்சாயிரமா ஏத்தறோம்."

போன மாசம் வந்திருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பார். இப்போது, "நான் ரொம்ப நல்ல கஸ்டமராம்," என்று மனைவியிடம் முனகினார்.

ஃப்ளோரன்ஸ் போனைப் பிடுங்கினாள். "இனிமே அவரு கெட்ட கஸ்டமரு. வைம்மா போனை."