மிளகாய் மில்லில் எட்டு ஸ்டூல்கள்

அந்த மில்லில் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு கக்கூஸ் சாவியை வைத்திருப்பது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, ஆங்கிலம் ஓரளவுக்குப் பேச வரும் என்பதால், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த மசாலாத்தூள் மில்லில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை கிடைத்தது. வருகைப் பதிவு, சரக்குக் கணக்கு, கடிதம் எழுதுவது எல்லாம் என் வேலைதான். ஆனால் முதல் நாள் காலையில் மேனேஜர் என் மேசையில் வைத்தது ஒரு சாவி. தொலையாமல் இருக்க அதில் ஒரு கைப்பிடி நீளத்துக்கு மரக்கட்டை கட்டியிருந்தது.

"பொம்பளைங்க வந்து கேட்டாத்தான் கொடுக்கணும். போன நேரம், வந்த நேரம் ரெண்டையும் எழுதிடு. இல்லேன்னா அங்கேயே நின்னு கதை பேசிக்கிட்டிருப்பாங்க" என்றார்.

மில்லில் இருபத்திரண்டு பெண்கள். மிளகாய்க் காம்பு கிள்ளுவது, மல்லியைப் புடைப்பது, அரைத்த தூளைச் சலிப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாமே நீண்ட மேசைகளுக்கு முன்னால் நின்றபடிதான். அரவை இயந்திரத்திலும் லாரியிலும் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். எல்லாருக்கும் சேர்த்துக் கொல்லைப்புறத்தில் இரண்டு வாளிக் கக்கூஸ். ஒன்றை ஆண்கள் பயன்படுத்தினார்கள். மற்றொன்று பெண்களுக்கு; அது எப்போதும் பூட்டியிருக்கும். வாளியை விடியற்காலையில் வந்து மாற்றிவிட்டுப் போவார்கள், மத்தியானத்துக்குள் நிரம்பிவிடும். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாய் முற்றத்தின் அந்தப் பக்கம், லாரி கழுவும் இடத்தில் இருந்தது. மிளகாய் பட்ட கையோடு முதலில் குழாய்க்கு ஓடி, கழுவி, பிறகுதான் உள்ளே போக முடியும். கழுவினாலும் எரிச்சல் போகாது.

அதனால் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீரே குடிப்பதில்லை.

நாள் முழுக்க மிளகாய்த்தூள் பறக்கும் இடத்தில் தண்ணீர் குடிக்காமல் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆபீஸ் அறைக்குக் கதவு இருந்தது. என் மேசையில் கூஜா இருந்தது.

சலிக்கும் மேசையில் நின்ற அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்குப் போகும் ஒரு மகள். அக்கா சலித்த தூளில் ஒரு திப்பி பார்க்க முடியாது. மாலையில் செருப்பு மாட்டும்போதுதான் அவர் கால்களைக் கவனித்தேன். கணுக்கால் வீங்கி, நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடந்தது. சில நேரம் பக்கத்துச் சாக்கில் இடுப்பைச் சாய்த்துக்கொள்வார். மேனேஜர் கண்ணில் பட்டால், "சாக்கு என்ன நாற்காலியா?" என்று சத்தம் போடுவார்.

ஒருநாள் கூஜாவிலிருந்து ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டுபோய் நீட்டினேன். அக்கா சிரித்தார்.

"குடிச்சா போகணும். போனா உன்கிட்ட வந்து நிக்கணும். நீ நோட்டுல எழுதுவே. வேணாம்மா."

அதன்பிறகும் நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

தொழிற்சாலைகளுக்குப் புதிய சட்டம் வந்திருந்த சமயம் அது. மில்லைப் பதிவு செய்ய நான்தான் படிவம் நிரப்பி அனுப்பினேன். ஓர் அதிகாரி நேரில் பார்வையிட வருவார் என்று நாள் குறிப்பிட்டுப் பதில் வந்தது. அதற்கு முந்தின நாள் மாலை மில்லே மாறிவிட்டது. லாரியில் எட்டு ஸ்டூல்கள் வந்து இறங்கின. குழாய் வைத்த தகர டிரம் ஒன்றும் ஆறு தம்ளர்களும் வந்தன. கக்கூஸுக்கு ஃபினாயில் ஊற்றி, கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்து, பூட்டை எடுத்துவிட்டார்கள். டிரம்முக்கு மேலே மாட்டுகிற பலகையில் 'குடிநீர்' என்று பெயின்ட்டால் எழுதியது நான். ர் மேல் புள்ளி வழிந்துவிட்டது. துணியால் துடைத்துத் திரும்ப வைத்தேன்.

"கேட்டா எல்லாம் இருக்குன்னு சொல்லச் சொல்லு" என்றார் மேனேஜர். நான் மேசை மேசையாகப் போய்ச் சொன்னேன்.

அதிகாரி நடுத்தர வயதுச் சீனர். கூட வரவேண்டிய தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லையாம். மேனேஜர் உடனே என்னைக் காட்டினார். அதிகாரி பொறுமையானவர். பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டார். கக்கூஸ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். பெண்களுக்கென்று தனியாக இருக்க வேண்டும், ஆண்களுடையதை ஒட்டி இருப்பது போதாது, இத்தனை பேருக்கு ஒன்றும் போதாது என்று மேனேஜரிடம் சொல்லிக் குறித்துக்கொண்டார். டிரம்மைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு சலிக்கும் மேசைக்கு வந்தார்.

"நின்று வேலை செய்யும் பெண்கள், இடையில் கிடைக்கிற நேரத்தில் உட்கார வசதி இருக்க வேண்டும். இந்த ஸ்டூல்களில் உட்கார விடுகிறார்களா என்று இந்த அம்மாவைக் கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் கேட்டேன். அக்கா கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தார். அதிகாரியின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"ஸ்டூல் நேத்துச் சாயந்தரம்தான் வந்துச்சு. நாளைக்கும் இருக்குமான்னு அவர்கிட்ட கேளும்மா."

மேனேஜர் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். அவருக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும்.

"ஸ்டூல் வசதியாக இருக்கிறதாம், ரொம்ப நன்றி என்கிறார்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி அக்காவைப் பார்த்துப் புன்னகை செய்து தலையாட்டினார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தான் கேட்ட கேள்விக்கு யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். என்னை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை. பஸ் நிற்காமல் போனால் பார்ப்போமே, அப்படி. சல்லடையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஸ்டூல்கள் சரக்கறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. டிரம்மில் தண்ணீர் தீர்ந்ததும் யாரும் நிரப்பவில்லை. புதிதாகத் தனிக் கக்கூஸ் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. மேனேஜர் அவகாசம் கேட்டு எழுதச் சொன்னார், எழுதினேன். பூட்டு கக்கூஸ் கதவுக்கும் சாவி என் மேசைக்கும் திரும்பின. அக்கா மட்டும் அதற்குப் பிறகு ஒருநாளும் சாவி கேட்டு வரவில்லை. நோட்டில் அவர் பெயருக்கு எதிரே இடம் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறும் கட்டங்களை நான் தினமும் பார்த்தேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். அக்காவுக்குக் காய்ச்சல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் வேலைக்கு வந்தார். நாலாவது நாள் முற்பகலில் மேசை மேலேயே சரிந்தார். தூள் மேகம்போல எழும்பியது; தும்மலும் இருமலுமாகப் பெண்கள் ஓடிவந்தார்கள். உட்கார வைக்க ஒன்றும் இல்லாமல் வெறும் தரையில் படுக்க வைத்தார்கள். லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். இளம் டாக்டர் ஒருவர் என்னிடம், "இவர் வேலை செய்கிற இடத்தில் தண்ணீர் கிடையாதா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். அக்கா விழித்திருந்தார்.

"அக்கா, அன்னிக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"நான் போய் அந்த ஆபீசர்கிட்டச் சொல்லிடறேன்."

"எனக்காகப் போகாதே. அங்க மத்தவங்க நின்னுக்கிட்டிருக்காங்க. அதுக்காகப் போ."

மறுநாள் லீவு சொல்லாமல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் சொன்னதைக் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கினார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "அந்த மில்லில் எல்லாவற்றின் மேலும் சிவப்புத் தூள் படிந்திருந்தது. ஸ்டூல்களில் மட்டும் இல்லை. நான் பார்த்தேன். பார்த்தும் கேட்காமல் விட்டேன்."

இந்த முறை முன்கூட்டிக் கடிதம் போடாமல் வந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கூட வந்தார். சரக்கறையைத் திறக்கச் சொன்னார். என் மேசையிலிருந்த நோட்டைக் கேட்டபோது நானே எடுத்துக் கொடுத்தேன். பெண்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். மேனேஜர் குறுக்கே வந்தபோது வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். எந்தத் தேதிக்குள் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வந்தது. தவறினால் வழக்கு என்றும் அதில் இருந்தது. பெண்களுக்குத் தனியாக, தாழ்ப்பாளும் விளக்கும் போட்டுக் கக்கூஸ் கட்டினார்கள். பக்கத்திலேயே கை கழுவக் குழாய் வந்தது. குடிநீர் இரண்டு இடத்தில். ஸ்டூல்கள் மேசைக்கடியில் நிரந்தரமாக நின்றன. கேன்டீன் வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த அதிகாரியால் முடியவில்லை. ஆனால் மூட்டைகளுக்கு நடுவில் சாப்பிட வேண்டாம் என்று அவர் சொல்லிச் சொல்லியே, முற்றத்தில் தகரக் கூரை போட்ட ஓரிடமும் இரண்டு பெஞ்சும் கிடைத்தன.

என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேறு வேலை கிடைத்தது.

அக்கா வீட்டுக்குத் திரும்பி, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே இறந்துபோனார். தகரக் கூரை ஏறிய வாரம். சிறுநீரகம் வெகுநாளாகவே கெட்டிருந்தது என்றார்கள். அது எதனால் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பின்னர் மில்லில் வேலை செய்த ஒருத்தியைத் தேக்காச் சந்தையில் பார்த்தேன். சலிக்கும் மேசைக்கு யாரும் போக மாட்டேன் என்கிறார்களாம். "சல்லடைச் சத்தம் கேக்குதுக்கா, நிஜமா. சர்ர், சர்ர்னு. திரும்பிப் பார்த்தா ஒண்ணும் இல்ல" என்றாள். காற்றுதான் என்று சொன்னேன். அந்தச் சத்தத்தை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பள்ளி ஆபீசில் தட்டச்சு ஓய்கிற நொடியில் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லாரும் மண்டியிடுகிற அமைதியில் வரும். இப்போதும் வருகிறது.

அக்காவின் கணவரைப் பார்க்கப் போக எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கடைவீட்டு மாடியில் பலகையால் தடுத்த சின்ன அறை. மகள் ஜன்னலோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"அன்னிக்கு ஆபீசர்கிட்ட என்ன கேட்டேன்னு அவ என்கிட்டச் சொன்னா. நீங்க அதை இங்கிலீஷ்ல என்னன்னு சொன்னீங்கன்னு அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. என்ன சொன்னீங்க?"

சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில். அவருக்குப் புரியவில்லை. தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"நன்றியுமா சொன்னீங்க?" என்றார்.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அவர் எழுந்து, அவள் நோட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.