புழுங்கிப்போகுமாம் ஃப்ரிட்ஜ்

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பார்க்காமல் யாராலும் ஐந்து நிமிடம் இருக்க முடியாது. தாகம் இல்லாவிட்டாலும் திறப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே திறந்து, கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் மூடுவார்கள். கரண்ட் இருக்கிற நாளில் நானும் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

அந்த மழைக்காலத்தில் என் பெண்ணுக்கு ஏழு மாதம். கல்வராயன் மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் நான் ஒப்பந்த நர்ஸ். வீடு மணலூர்பேட்டையில். பிரசவத்துக்குப் பிறகு முதல் டியூட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடங்க இருந்தது, மூன்று நாள் மலையிலேயே தங்க வேண்டும். அதற்காக இரண்டு வாரமாகப் பம்ப் வைத்துப் பாலெடுத்து, சின்னச் சின்னப் பைகளில் தேதி எழுதி, ஃப்ரீசரில் அடுக்கியிருந்தேன். விடியற்காலையில் எல்லோரும் குறட்டை விடும்போது உட்கார்ந்து எடுத்த பால். குழந்தை பவுடர் பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடும். அந்தப் பைகள் இருந்தால் நான் போகலாம், இல்லையென்றால் வேலை போகும். அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் காற்றும் மழையுமாகக் கரண்ட் போனது. ஆற்றோரம் கம்பம் சாய்ந்துவிட்டது, நாளைக்குத்தான் வரும் என்று லைன்மேன் சொன்னதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உடனே மாமியாரையும் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பாடம் நடத்தினேன்.

“கீழ் கதவ மூடியே வெச்சா நாலு மணி நேரம் தாங்கும். மேல ஃப்ரீசர் பாதிதான் நெறஞ்சிருக்கு, தொறக்காம இருந்தா ஒரு நாள் தாங்கும். முழுசா நெறஞ்சிருந்தா ரெண்டு நாள்கூட தாங்கும். யாரும் தொறக்காதீங்க.”

காலியாக இருந்த இடத்தில் நாலு தண்ணீர் பாட்டிலையாவது முன்கூட்டியே உறைய வைத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கோபம் என் மேலேயே இருந்தது, அதையும் சேர்த்து அவர்கள் மேல் காட்டினேன்.

பத்து நிமிடத்தில் என் வீட்டுக்காரர் கீழ்க் கதவைத் திறந்தார்.

“ஏங்க!”

“இன்னும் கூலிங் இருக்குதான்னு பாத்தேன்.”

ஒரு துண்டை எடுத்து இரண்டு கதவின் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். எங்கள் சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டி இருக்கிறது. கரண்ட் போனால் அதை ஒருவரும் தொடமாட்டார்கள், டாக்டர்கூட கேட்டுவிட்டுத்தான் கிட்டே போவார். என் குழந்தையின் பாலுக்கு அந்த மரியாதை கிடையாது.

சனிக்கிழமை காலையில் மாமியார் துண்டை அவிழ்த்து, முந்தாநாள் கோழிக் குழம்பைச் சட்டியோடு வெளியே எடுத்திருந்தார்.

“நல்லாத்தாம்மா கீது. மோந்து பாரு. ஒரு கொதி வுட்டா சரியாப்பூடும்.”

“ராத்திரி பத்து மணிக்கே அதோட கணக்கு முடிஞ்சிபோச்சு அத்த. கெட்டுப்போனது எல்லாம் நாத்தம் அடிச்சிக்கினு நிக்காது. அதுல ஊறின விஷம் சிலது கொதிச்சாலும் போவாது.”

குழம்பைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினேன். கீழ்த்தட்டில் இருந்த பாக்கெட் பாலையும் வேகவைத்த முட்டையையும் கூடவே கொட்டினேன். ஊறுகாய் பாட்டிலை மட்டும் விட்டுவைத்தேன், அதற்கு ஒன்றும் ஆகாது. மாமியார் வாசல்படியில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். தின்று தீர்த்திருக்கலாமே என்பது அந்தப் பெருமூச்சின் பொருள்.

இனி ஐஸ் கட்டி வாங்கி வந்தால்தான் ஃப்ரீசர் தாங்கும் என்று பட்டது. ஊரில் மீன் விற்கிறவர்களிடம் இல்லை. துண்டை மறுபடி கட்டிவிட்டு, குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, “தொறக்கக் கூடாது” என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் கிளம்பினேன். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. சுற்றிச் சுற்றி டவுனுக்குப் போய், அங்கே ஒரு மீன் கடையில் கெஞ்சி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் வாங்கித் திரும்பும்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

கூடத்தில் வீட்டுக்காரர் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குள் நுழைந்தேன். ஃப்ரிட்ஜின் மேல் கதவும் திறந்திருந்தது, கீழ்க் கதவும் திறந்திருந்தது. முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, மாமியார் ஒரு முறத்தால் ஃப்ரீசருக்குள் விசிறிக்கொண்டிருந்தார்.

“அத்த! இன்னா பண்றீங்க?”

“கரண்டே இல்லாத பொட்டிய மூடியே வெச்சா உள்ள புழுங்கிடாதா? சுடுசோத்த இறுக மூடி வெச்சா ஊசிப்பூடுது இல்ல? பச்சப்புள்ள பாலாச்சே. அதான் கொஞ்சம் காத்தாடட்டும்னு.”

“எப்போலேர்ந்து?”

“நீ போனதுலேர்ந்து. கை வலிக்குதும்மா.”

கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. சோற்றில் இருப்பது சூடு, அது வெளியே போகவேண்டும். ஃப்ரீசரில் இருப்பது குளிர், அது வெளியே போகக்கூடாது. இதை நான் நேற்றே சொல்லியிருக்கலாம். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொன்னேனே தவிர, ஏன் மூட வேண்டும் என்று சொல்லவே இல்லை. கை வலிக்க விசிறிய மனுஷியை என்னவென்று திட்டுவது? திட்டவும் முடியாத கோபம் இருக்கிறதே, அதைப்போல எரிச்சல் வேறில்லை.

ஒவ்வொரு பையாக எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். முன்வரிசை முழுக்கத் தண்ணீராகி, தொட்டால் குளிர்ச்சியே இல்லை. அது போயிற்று. பின்னால் சுவரோடு ஒட்டியிருந்த பைகளுக்குள் ஐஸ் நறநறவென்றது. உள்ளே ஐஸ் துண்டு மிச்சமிருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். அவற்றைப் பெட்டியில் ஐஸுக்கு நடுவே புதைத்து மூடியை ஒட்டினேன். மிஞ்சிய பால் ஒரு நாளைக்குத்தான் வரும்.

மீதியைச் சாக்கடைப் பக்கம் கொண்டுபோனபோது மாமியார் பின்னாலேயே ஓடிவந்தார்.

“கால் படற எடத்துல ஊத்தாதம்மா, தாய்ப்பாலு. கறிவேப்பில மரத்தாண்ட ஊத்து.”

அவர் ஒரு பையை வாங்கி மரத்தடியில் ஊற்றினார். “நானே வெரயம் பண்ணிட்டேனே” என்று அழுதார். கடைசிப் பையை நான் கவிழ்த்தபோது கரண்ட் வந்தது. அடுப்படியில் ஃப்ரிட்ஜ் உறுமியது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். இரண்டு கதவையும் படார் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

“மூடிட்டேம்மா! நல்லா இறுக்கமா மூடிட்டேன்!”

தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவரே சொன்னார்: “நானும் மலைக்கி வரேன். கொழந்தைய கூடவே இட்டுக்கினு போலாம். நீ டூட்டி பாரு, நடுவுல வந்து பால் குடு. பத்தலன்னா அந்தப் பைய குடுக்கறேன்.” எனக்கு வேறு வழியும் இல்லை. திரும்ப உறைந்த பைகளோடு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ் ஏறினோம்.

மலையில் கரண்ட் போவதற்குப் புயல் தேவையில்லை. மறுநாள் மதியம் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட ஓடிவந்தேன், கரண்ட் இல்லை. மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் நகருங்க அத்த, தயிர் எடுத்துக்கறேன்.”

“தொறக்கக் கூடாது.”

“ஒரே ஒரு தரம்.”

“உள்ள எம் பேத்தி பாலு கீது. கரண்ட் வரட்டும்.”

பசி காதை அடைத்தது, திரும்ப ஓட இருபது நிமிடம்தான் இருந்தது. அவர் அசையவில்லை. நான் வெறுஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போனேன்.